மன்னிப்பு மெயிலில் தேதி எங்கிருந்து வர வேண்டும்?

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற விதமா கேட்டிருந்தீங்க. "ஸ்பிரிண்ட்ல சொன்னதை முடிக்க முடியலை, கிளையண்ட்டுக்கு எப்படி எழுதறது?" இன்னைக்கு அதுக்கு என் சொந்த அனுபவம் ஒன்றை எடுத்துக்கிறேன். நான் எழுதிய மெயில், அதற்கு முன்னால் எழுதி அழித்த மெயில், இரண்டுக்கும் நடுவில் போட்ட கணக்கு, மூன்றையும் சொல்கிறேன். கிளையண்ட் யாரென்று தெரியக்கூடாது என்பதால் அடையாளங்களையும் சில எண்களையும் மாற்றியிருக்கேன். கணக்கு போட்ட முறை மட்டும் நிஜம்.

இடம் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் பக்கத்தில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு குழு, மலைக் கிராமங்களில் புளி கொள்முதல் செய்கிறது. அவங்களுக்கு நாங்க ஒரு செயலி செய்து கொடுத்தோம். கொள்முதல் நிலையத்தில் இருப்பவர் மூட்டையை எடை போட்டு, போனில் பதிவு செய்து, விவசாயிக்கு ஒரு ரசீது கொடுக்கணும். சிக்னல் கிடைக்கும்போது பதிவு சர்வருக்குப் போகணும். அவ்வளவுதான் செயலி. எங்க டீம்ல டெவலப்பர் மூன்று பேர், டெஸ்டர் ஒருவர், நான்.

ஜனவரி 20 திங்கள் தொடங்கி 31 வெள்ளி வரைக்கும் இரண்டு வார ஸ்பிரிண்ட். 31-ஆம் தேதி எடைப் பதிவு முழுசா தயாராகும் என்று சொல்லியிருந்தேன். பிப்ரவரி 17 திங்கள் கொள்முதல் ஆரம்பம். நடுவில் இரண்டு வாரம் நிலையங்களில் பழகிப் பார்ப்பதற்கு. 31 மாலை போர்டைப் பார்த்தால், திட்டமிட்ட 14 பணிகளில் 8 முடிந்திருந்தது. 6 முடியலை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோணலாம். புளி விற்க வருகிறவர் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டோ, வண்டிக்கு வாடகை கொடுத்தோ வருகிறார். எடையில் குழப்பம், ரசீது இல்லை, பணம் வர இரண்டு வாரம் என்றால், அடுத்த முறை நேரா வியாபாரியிடம் போயிடுவார். குழுவுக்கு அந்த சீசனே போச்சு. ஆகவே செயலி வராது என்றால் அவங்க காகித ரசீதுப் புத்தகம் அச்சடிக்கணும். போளூரில் கொடுத்தால் நாலைந்து நாள் ஆகும். என் மெயிலைப் படித்துவிட்டு அவங்க எடுக்க வேண்டிய முடிவு இதுதான்: புத்தகம் அச்சடிக்கலாமா, வேண்டாமா? இது எனக்குப் புரியவே ஒரு மெயிலை எழுதி அழிக்க வேண்டியிருந்தது.

அழித்த மெயில்

வெள்ளி இரவு முதலில் எழுதியது இப்படி இருந்தது: "தவிர்க்க இயலாத சில தொழில்நுட்பக் காரணங்களால் இந்த ஸ்பிரிண்ட்டில் சில பணிகள் நிறைவடையவில்லை. 60 சதவீதத்துக்கு அருகில் முடிந்துவிட்டது. அடுத்த வார இறுதிக்குள் முடித்துவிடுவோம். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

திரும்பப் படித்தேன். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரியே இருந்தது. ரயில் லேட் என்று தெரிகிறது, எதனால் என்று தெரியவில்லை, காபி குடித்துவிட்டு வரலாமா என்றும் தெரியவில்லை.

ஆனால் நடையை விடப் பெரிய தப்பு அதிலிருந்த தேதி. "அடுத்த வார இறுதி" எங்கிருந்து வந்தது? மனக்கணக்கு. ஒரு ஸ்பிரிண்ட்டுக்கு சுமார் 11 பணி முடிக்கிறோம், மீதி 6, அதனால் ஒரு வாரம். ஒரு தடவை தேதி தவறியவன் சொல்லும் இரண்டாவது தேதி முதலாவதை விட முக்கியம். முதலாவது தவறினால் கோபப்படுவாங்க. இரண்டாவதும் தவறினால் மூன்றாவதைக் கேட்கவே மாட்டாங்க. அதனால் மெயிலை மூடிவிட்டு பணித் தரவைத் திறந்தேன்.

முதல் கேள்வி: உண்மையில் எது தடுத்தது?

நாங்க ஜிரா பயன்படுத்துகிறோம். முடியாத பணிகளை எடுக்க இது போதும்:

```
project = PULI AND sprint = "Sprint 6" AND statusCategory != Done
```

கூடவே Sprint Report பக்கத்தையும் பார்த்தேன். ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு உள்ளே வந்த பணிகளுக்குப் பக்கத்தில் அங்கே நட்சத்திரக் குறி இருக்கும். எங்களுக்கு நாலு நட்சத்திரம். அதில் இரண்டு, கிளையண்ட் நடுவில் கேட்டவை. எனக்கு உடனே ஒரு நிம்மதி. "நீங்க நடுவில் வேலை சேர்த்தீங்க, அதான் லேட்" என்று எழுதிடலாமே!

எழுதுவதற்கு முன்னால் சரிபார்த்தேன். அந்த நாலும் சின்ன வேலைகள், எல்லாம் சேர்த்து மூன்று நாள். முடியாத ஆறில் மூன்று பணிகள் ஸ்பிரிண்ட்டின் ஐந்தாம், ஆறாம் நாளிலேயே கோடிங் முடிந்து `In Testing` பத்திக்கு வந்துவிட்டன. அங்கேயே உட்கார்ந்திருந்தன. நாலு பணி கூடுதலாக வராமலிருந்தாலும் அந்த மூன்றும் அங்கேதான் இருந்திருக்கும். சாக்கு கிடைத்தது, ஆனால் தரவு அதை ஒத்துக்கொள்ளவில்லை.

ஏன் உட்கார்ந்திருந்தன? எங்க டெஸ்டர் சென்னையில் இருக்கிறார். சிக்னல் இல்லாத நிலையைப் பார்க்க போனை ஏரோபிளேன் மோடில் போட்டுச் சோதிப்பார். எல்லாம் சரியா வேலை செய்தது. மலை மேலே சிக்னல் 'இல்லை' என்பதை விட, 'இருக்கிற மாதிரி இருக்கிறது' என்பதுதான் பிரச்சினை. ஒரு கோடு காட்டும், டேட்டா பாதியில் நிற்கும். பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடும், "வந்துடுச்சு" என்ற பதில் மட்டும் திரும்பி வராது. போன், பதிவு போகலைன்னு நினைச்சு மறுபடி அனுப்பும். சர்வரில் ஒரே மூட்டை இரண்டாகிவிடும். செவ்வாய், அதாவது 28-ஆம் தேதி, நிலையத்தில் இருந்த தம்பி போன் செய்து சொன்னார்: "அண்ணா, ஒரு மூட்டைதான் போட்டேன், கணக்குல ரெண்டு காட்டுது."

இதற்கான தீர்வு தெரிந்ததுதான். ஒவ்வொரு எடைப் பதிவுக்கும் போனே ஒரு தனி அடையாள எண் கொடுத்துவிட வேண்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிய வரி சேர்க்கக் கூடாது. சொல்வது எளிது. ஆனால் போன், சர்வர் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், பழைய பதிவுகளையும் பார்க்க வேண்டும். ஸ்பிரிண்ட்டின் கடைசி மூன்று நாளில் அது நடக்காது.

இங்கேதான் என் தப்பு தெளிவாகத் தெரிந்தது. 28-ஆம் தேதியே எனக்குத் தெரியும். 29 புதன் கிளையண்ட் கேட்டபோது "கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு" என்று சொன்னேன். பொய் சொல்லணும்னு சொல்லலை. டெஸ்டிங் பத்தியில் இருப்பதை மனசுக்குள் முடிந்த கணக்கில் சேர்த்திருந்தேன். நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது தாமதத்துக்கு மட்டும் இல்லை, மூன்று நாள் தெரிந்தும் சொல்லாததற்கு.

இரண்டாவது கேள்வி: எப்போது முடியும்?

முதலில் மீதி ஆறையும் பிரித்தேன். 17-ஆம் தேதி கொள்முதல் நடக்க எது இல்லாமல் முடியாது? மூன்றுதான்: சிக்னல் இல்லாதபோது பதிவைப் போனில் சேமிப்பது, இரட்டைப் பதிவு வராமல் அனுப்புவது, சின்ன பிரிண்டரில் ரசீது எடுப்பது. நாள் முடிவு அறிக்கை, விவசாயிக்குப் போகும் எஸ்எம்எஸ், மூட்டையின் போட்டோ மூன்றும் பிறகு வரலாம்.

அடுத்து, "ஸ்பிரிண்ட்டுக்கு 11 பணி" என்ற சராசரியைத் தூக்கிப் போட்டேன். அதில் பட்டன் நிறம் மாற்றுவதும் ஒரு பணி, பிரிண்டரை இணைப்பதும் ஒரு பணி. ஸ்பிரிண்ட் முடிவில் மிஞ்சுவது எப்பவும் கஷ்டமான பணிகள்தான். எளிதானவை முதலிலேயே முடிந்துவிடும். எல்லாப் பணிகளின் சராசரி வேகத்தை வைத்து மிச்சத்தை அளந்தால் தேதி கண்டிப்பா முந்தியே வரும்.

அதற்குப் பதிலா, இந்த மூன்றைப் போன்ற பழைய பணிகளை மட்டும் எடுத்தேன். அதாவது, உண்மையான போனோடு நிலையத்தில் சோதிக்க வேண்டியவை. முந்தைய ஸ்பிரிண்ட்களில் அப்படி 11 பணிகள் இருந்தன. ஒவ்வொன்றின் History-யிலும் எந்த நாள் ஆரம்பித்தது, எந்த நாள் `Done` ஆனது என்று இருக்கும். அதை ஷீட்டில் போட்டு, சனி ஞாயிறு நீக்கி எண்ண இந்த ஃபார்முலா:

```
=NETWORKDAYS(B2, C2)
```

வரிசைப்படுத்தினால் நாட்கள் இப்படி வந்தன: 2, 3, 3, 4, 5, 5, 6, 6, 7, 9, 12. பதினொன்றில் ஆறு பணிகள் 5 நாளுக்குள் முடிந்திருக்கின்றன. பத்து பணிகள் 9 நாளுக்குள்.

இப்போ கவனிங்க. நடுவில் இருக்கும் எண் 5. பாதிக்கு மேல் 5 நாளில் முடியுது, அதனால் அடுத்த வெள்ளின்னு சொல்லிடலாமா? எனக்கு ஒரு பணி முடிந்தால் போதாது, மூன்றும் முடியணும். ஒன்று 5 நாளில் முடிய வாய்ப்பு 11-ல் 6. மூன்றும் முடிய அதை மூன்று முறை பெருக்கணும். வருவது 16 சதவீதம். அதாவது ஆறு தடவை இப்படி வாக்குக் கொடுத்தால் ஒரு தடவைதான் காப்பாற்றுவேன். வெள்ளி இரவு நான் எழுதி அழித்த தேதி அதுதான்.

9 நாள் என்று எடுத்தால், 11-ல் 10 என்பதை மூன்று முறை பெருக்க 75 சதவீதம். நான்கில் மூன்று. பிப்ரவரி 3 திங்களிலிருந்து ஒன்பது வேலை நாள் எண்ணினால் 13 வியாழன். கொள்முதலுக்கு முன்னால், ஆனால் ரொம்ப நெருக்கமா.

"பாதி முடிந்த பணிதானே, ஏன் முதலிலிருந்து எண்றீங்க?" என்று டீமில் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனால் தவறிப்போன பணியில் மீதியிருப்பது யாருக்கும் சரியா தெரியாத பகுதி. அதைப் புதிய பணியாகவே எண்ணுவது பாதுகாப்பு. இந்தக் கணக்குக்கு எல்லையும் உண்டு. 11 பணி என்பது சின்ன எண்ணிக்கை. மூன்று பணியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நடக்கும் என்றும் வைத்துக்கொள்கிறோம். மூன்றும் ஒரே டெஸ்டருக்காக வரிசையில் நின்றால் நிலைமை இன்னும் மோசம். 75-ஐத் துல்லியமான எண்ணாக எடுக்காதீங்க. "பெரும்பாலும் முடியும், நிச்சயம் இல்லை" என்பதன் எண் வடிவம் அது.

மூன்றாவது கேள்வி: எதை மாற்றினால் வேகமாகும்?

இதுவும் அதே ஷீட்டில் இருந்தது. அந்த 11 பணிகளும் எடுத்த நாட்களைக் கூட்டினால் 62. அதில் `In Testing` பத்தியில் யாரும் தொடாமல் கிடந்த நாட்கள் 27. கிட்டத்தட்ட பாதி. காரணம், நிலையத்தில் இருப்பவருக்கு நேரம் கிடைக்கும்போதுதான் அவர் சோதித்துச் சொல்வார், அதை வைத்து சென்னையில் பார்ப்போம்.

எங்க முதல் யோசனை இன்னொரு டெவலப்பரைச் சேர்ப்பது. கிளையண்ட்டுக்குச் சொல்லவும் நல்லா இருக்கும், "கூடுதல் ஆள் போட்டிருக்கோம்" என்று. ஆனால் தரவு, வேலை கோடிங்கில் நிற்கவில்லை என்கிறது. கூடுதல் டெவலப்பர் வந்தால் டெஸ்டிங் வரிசை இன்னும் நீளும். அதனால் மீட்புத் திட்டம் ஒரு வரியானது: டெஸ்டர் இரண்டு வாரம் மலையில் தங்குவார், இந்த மூன்றைத் தவிர வேறு எந்தப் பணியும் திறக்கப்படாது.

அனுப்பிய மெயில்

சனிக்கிழமை காலை அனுப்பியது இது. குழுவின் செயலாளருக்கு.

*பொருள்: எடைப் பதிவு 31-இல் தயாராகவில்லை. பிப்ரவரி 7-இல் ரசீதுப் புத்தகம் குறித்து முடிவு தேவை*

*ஐயா, வணக்கம்.*

*ஜனவரி 31-க்குள் எடைப் பதிவு தயாராகும் என்று சொல்லியிருந்தோம். ஆகவில்லை. 14 பணிகளில் 8 முடிந்தன. சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் ஒரே மூட்டை இரண்டு முறை பதிவாகிறது. இது 28-ஆம் தேதியே எனக்குத் தெரியும். 29-ஆம் தேதி நீங்கள் கேட்டபோது "கிட்டத்தட்ட முடிந்தது" என்றேன். அது தவறு. அன்றே சொல்லியிருந்தால் உங்களுக்கு மூன்று நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கும். மன்னிக்க வேண்டும்.*

*கொள்முதலுக்கு அவசியமான மூன்று வேலைகளை (எடைச் சேமிப்பு, இரட்டைப் பதிவு இல்லாமல் அனுப்புதல், ரசீது அச்சு) பிப்ரவரி 13-க்குள் முடிக்கத் திட்டமிட்டுள்ளோம். இதே மாதிரியான எங்கள் பழைய வேலைகளை வைத்துப் பார்த்தால், நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. நான்கில் ஒரு பங்கு முடியாமல் போகலாம். அறிக்கை, எஸ்எம்எஸ், போட்டோ மூன்றும் 17-க்கு முன் வராது.*

*திங்கள் முதல் எங்கள் டெஸ்டர் உங்கள் நிலையத்திலேயே இருப்பார். 7-ஆம் தேதி வெள்ளி மாலை, இரண்டு போனில் மொத்தம் 50 எடை பதிவு செய்து பார்ப்போம். சர்வரில் சரியாக 50 இருக்க வேண்டும், ரசீதும் 50 வர வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தோல்வி. அன்று இரவே முடிவைச் சொல்கிறேன். தோல்வி என்றால் சனி காலை புத்தகம் அச்சுக்குக் கொடுங்கள், 14-க்குள் வந்துவிடும். அச்சுச் செலவு எங்களுடையது.*

இதில் மூன்று இடங்களை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். ஒன்று, பொருள் வரியிலேயே அவர் செய்ய வேண்டியது இருக்கிறது. மன்னிப்பு என்ற சொல் அங்கே இல்லை. இரண்டு, 13-ஆம் தேதியை விட 7-ஆம் தேதிதான் மெயிலின் மையம். நான் தோற்றாலும் அவருக்கு வழி மூடாத கடைசி நாள் அது. மூன்று, சோதனையின் அளவுகோல் யாருக்கும் புரியும். "இப்போ பரவாயில்லை" என்று நான் மறுபடி மழுப்ப முடியாது. ஐம்பது என்றால் ஐம்பது.

வாய்ப்பை எண்ணாக எழுதுவதில் டீமுக்குத் தயக்கம் இருந்தது. "நாமே முடியாமல் போகலாம்னு சொல்றது நல்லாவா இருக்கும்?" என்றார்கள். ஸ்க்ரம் கைடு எழுதியவர்களே 2011-இல் ஒரு விஷயத்தை மாற்றினார்கள். ஸ்பிரிண்ட்டில் எடுக்கும் பணிகளை அதுவரை 'கமிட்மென்ட்' என்றவர்கள், அதன் பிறகு 'ஃபோர்காஸ்ட்' என்று எழுதினார்கள். வானிலை அறிவிப்பு மாதிரி. 2020 பதிப்பில் கமிட்மென்ட் என்று அவர்கள் சொன்னது ஸ்பிரிண்ட்டின் நோக்கத்தை, எடுக்கும் பணிகளை இல்லை. எங்க விஷயத்தில் நோக்கம், 17-ஆம் தேதி ஒரு மூட்டைக்கு ஒரு பதிவு, ஒரு ரசீது. அதற்கு நான் கட்டுப்பட்டவன். காகிதத்தில் என்றாலும் சரி.

பிறகு நடந்தது

மெயில் போன ஒரு மணி நேரத்தில் செயலாளர் போன் செய்தார். கோபமாத்தான் பேசினார். "புதன்கிழமை ஏன் சொல்லலை?" என்று இரண்டு முறை கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மெயிலில் எழுதியதையே மறுபடி சொன்னேன். கடைசியில், "சரி, வெள்ளிக்கிழமை ராத்திரி எத்தனை மணிக்குச் சொல்லுவீங்க?" என்றார். அந்தக் கேள்வி வந்தபோது, மெயில் வேலை செய்துவிட்டது என்று தெரிந்தது.

7-ஆம் தேதி மாலை சோதித்தோம். பதிவு ஐம்பதுக்கு ஐம்பது. ரசீது 41. பிரிண்டர் இணைப்பு விட்டு விட்டுப் போனது. இரவு எட்டு மணிக்குச் சொன்னேன். சனி காலை புத்தகம் அச்சுக்குப் போனது. எடைப் பதிவும் அனுப்புவதும் 12-ஆம் தேதி முடிந்தது. பிரிண்டர் 19-ஆம் தேதிதான் சரியானது. 13 என்று சொன்ன தேதியை நாங்க தவறவிட்டோம், நான்கில் அந்த ஒரு பங்கில் விழுந்தோம். ஆனால் 17 காலை முதல் மூட்டைக்குப் போனில் பதிவும், கையால் எழுதின ரசீதும் இருந்தது. யாரும் ரசீது இல்லாமல் திரும்பலை.

அந்த ஷீட்டை இப்பவும் வைத்திருக்கேன். இப்போ பிரிண்டர் பணியையும் சேர்த்து 14 வரி. புதிசா மூன்றும் சேர்ந்ததில் நடு எண் 5-லிருந்து 6 ஆகியிருக்கு. அடுத்த முறை யாராவது "எப்ப முடியும்?" என்று கேட்டால் அதைத் திறந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

உங்க அனுபவம் ஏதாவது இருந்தால் எழுதுங்க, பெயர் சொல்லாமல் அடுத்த எபிசோடில் பேசலாம்.